கடைக்கு ஒரு சாட்பாட்: எந்த செட்டிங் எதைக் கட்டுப்படுத்துகிறது?



கடையில் கூட்டம் இருக்கும் நேரத்தில்தான் போனும் அடிக்கிறது. "அண்ணா, பொன்னி சிப்பம் என்ன விலை?", "ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா?", "ராசிபுரத்துக்கு வண்டி என்றைக்கு வரும்?" என்று கேட்கிறார்கள். இதே கேள்விகள் இப்போது வாட்ஸ்ஆப்பிலும் வருகின்றன. இவற்றுக்குத் தானாகவே பதில் சொல்லும் ஏற்பாட்டைத்தான் சாட்பாட் என்கிறோம். சேலம் லீ பஜார், செவ்வாய்ப்பேட்டை, நாமக்கல் பகுதிக் கடைகளில் இதைப் பற்றிப் பலரும் விசாரிக்கிறார்கள்.

இதை அமைக்க இன்று புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. பாட் அமைப்பதற்கென்றே இணையதளங்கள் இருக்கின்றன. நம் சென்னை ஜோஹோ நிறுவனத்தின் சேல்ஸ்ஐக்யூ, வெளிநாட்டு பாட்பிரஸ், கூகுளின் டயலாக்ஃப்ளோ ஆகியவை அப்படிப்பட்டவை. கட்டங்களை இழுத்து வைத்து, பதில்களைத் தட்டச்சு செய்து, பட்டனை அழுத்தினால் பாட் தயாராகிவிடும். பாட் ஓடுவது அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் என்பதால், நம் கடையில் தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

அமைப்பது ஒரு நாள் வேலை. ஆனால் திரையில் இருக்கும் செட்டிங்குகளில் எது எதைக் கட்டுப்படுத்துகிறது, எது கட்டுப்படுத்தாது என்று தெரியாமல் விட்டால், கடையின் பெயரில் தவறான விலை வெளியே போய்விடும். ஆகவே இக்கட்டுரையில் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: பாட் சொல்லும் விலை எங்கிருந்து வருகிறது, அதை நம் கைக்குள் வைப்பது எப்படி?

1. பாட் சொன்ன சொல் கடை சொன்ன சொல்

கனடாவில் 2024 பிப்ரவரியில் ஒரு தீர்ப்பு வந்தது. குடும்பத்தில் துக்கம் நேர்ந்த ஒரு பயணி, ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட்டிடம் கட்டணச் சலுகை பற்றிக் கேட்டார். டிக்கெட் எடுத்த பிறகும் 90 நாளுக்குள் விண்ணப்பித்துச் சலுகை பெறலாம் என்று பாட் சொன்னது. நிறுவனத்தின் உண்மையான விதி அப்படி இல்லை. பயணத்துக்குப் பின் கேட்டால் சலுகை கிடையாது. வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் சிவில் தீர்ப்பாயத்துக்குப் போனது. பாட் என்பது தனி ஆள் போன்றது, அதன் பேச்சுக்கு அதுவே பொறுப்பு என்ற தோரணையில் நிறுவனம் வாதாடியது. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. இணையதளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும், அது பாட் சொன்னதாக இருந்தாலும், நிறுவனமே பொறுப்பு என்று கூறி, சுமார் 650 கனடா டாலர் இழப்பீடும் அதற்கு மேல் வட்டியும் செலவும் கொடுக்கச் சொன்னது.

அந்தத் தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நம் ஊர் வியாபார வழக்கமும் அதுதான். கடைப் பையன் வாய் தவறிச் சொன்ன விலைக்கும் முதலாளி சரக்குக் கொடுத்து அனுப்புவதுதான் இங்கே பழக்கம். பாட்டையும் புதிதாகச் சேர்ந்த கடைப் பையனாகவே நினைத்துக்கொண்டால், அவனிடம் எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்பது தானே விளங்கும்.

2. முதல் வேலை: கேள்விகளை மூன்றாகப் பிரித்தல்

தளத்தில் நுழைவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பத்து நாட்கள், போனிலும் வாட்ஸ்ஆப்பிலும் வரும் கேள்விகளை ஒரு நோட்டில், கேட்டவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். பிறகு மூன்று பிரிவாக்குங்கள்.

முதல் பிரிவு, மாதக்கணக்கில் மாறாதவை. கடை நேரம், வார விடுமுறை, வண்டி போகும் ஊர்கள், குறைந்தபட்ச ஆர்டர், ஜிஎஸ்டி எண் போன்றவை. இவற்றுக்கு நாமே எழுதி வைத்த பதிலை எழுத்து மாறாமல் பாட் அனுப்பும்படி செய்யலாம். இதில் தவறு வர வழியில்லை.

இரண்டாம் பிரிவு, வாரத்துக்கு ஓரிரு முறை மாறுபவை. அரிசி, பருப்பு, எண்ணெய் விலைகள் இதில் அடங்கும். இவற்றைப் பாட் சொல்லலாம்; ஆனால் நாம் தேதி போட்டுத் தரும் பட்டியலிலிருந்து மட்டுமே சொல்ல வேண்டும்.

மூன்றாம் பிரிவு, அன்றாடம் மாறுபவை அல்லது ஆளுக்கு ஆள் மாறுபவை. முட்டை விலை இதற்குச் சரியான உதாரணம். நாமக்கல் மண்டலத்துக்கு நெக் அமைப்பு விலை அறிவிக்கிறது. நேற்றைய விலை இன்றைக்கு உதவாது. சரக்கு இருப்பு, ஒருவரின் பற்று பாக்கி, கடன் தவணை ஆகியவையும் இந்தப் பிரிவே. இவற்றுக்குப் பாட் பதில் சொல்லவே கூடாது. கடை ஆளிடம் கைமாற்றிவிட வேண்டும்.

இந்தப் பிரிவினை சரியாக இருந்தால், பின்னால் வரும் செட்டிங்குகளில் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

3. விலைப்பட்டியலை எப்படிக் கொடுப்பது?

பெரும்பாலான தளங்களில் `Knowledge Base` என்று ஓர் இடம் இருக்கும். நாம் ஏற்றும் கோப்புகளைப் பார்த்துப் பாட் பதில் சொல்லும். இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

நாம் ஏற்றும் பட்டியலைத் தளம் சிறுசிறு துண்டுகளாக வெட்டி வைத்துக்கொள்கிறது. கேள்வி வந்ததும், அதற்கு நெருக்கமாகத் தோன்றும் சில துண்டுகளை மட்டும் எடுத்துப் பார்க்கிறது. முழுப் பட்டியலையும் ஒவ்வொரு முறையும் படிப்பதில்லை. இதனால் இரண்டு கோளாறுகள் வரும்.

முதலாவது, தலைப்பு பிரிந்துபோவது. பட்டியலின் உச்சியில் "25 கிலோ", "10 கிலோ", "5 கிலோ" என்று தலைப்பு எழுதி, கீழே வெறும் எண்களை வரிசையாகப் போடுவது நம் வழக்கம். துண்டாகும்போது கீழ்ப்பகுதியில் தலைப்பு இருக்காது. 10 கிலோ விலையை 25 கிலோ விலையாகப் பாட் சொல்லிவிடும். ஆகவே ஒவ்வொரு வரியும் தனியாக நின்றாலே பொருள் தரும்படி எழுத வேண்டும்:

```
பொன்னி புழுங்கல் அரிசி, 25 கிலோ சிப்பம், ரூ.1,450
பொன்னி புழுங்கல் அரிசி, 10 கிலோ பை, ரூ.600
கடலை எண்ணெய், 15 லிட்டர் டின், ரூ.2,240
```

(இங்கே தந்துள்ள விலைகள் கணக்குக்காகப் போட்டவை.) கையால் எழுதிய பட்டியலைப் போட்டோ எடுத்து ஏற்றுவதை நம்ப வேண்டாம். எழுத்தை அரைகுறையாகப் படித்தால், 1,450 என்பது 1,150 ஆகவும் கூடும்.

இரண்டாவது, பழைய பட்டியல் உள்ளேயே தங்கிவிடுவது. இதுதான் நிறையக் கடைகளில் நடக்கும் தவறு. திங்கட்கிழமை புதிய பட்டியலை ஏற்றுகிறோம். போன வாரப் பட்டியலை அழிக்க மறந்துவிடுகிறோம். இப்போது உள்ளே இரண்டு விலைகள் இருக்கின்றன. ஒருவருக்குப் புது விலையும், அடுத்தவருக்குப் பழைய விலையும் போகும். கடலை எண்ணெய் டின் பழைய விலை 2,150, புதிய விலை 2,240 என்றால் வித்தியாசம் 90 ரூபாய். பத்து டின் கேட்டவருக்குப் பாட் பழைய விலையைச் சொல்லிவிட்டால் 900 ரூபாய் நம் கையை விட்டுப் போகும். டின்னுக்கு இருபது, முப்பது நிற்கும் வியாபாரத்தில் இது தாங்காது.

இதைத் தவிர்க்க, விலையைக் கோப்பாக ஏற்றாமல், தளத்திலேயே உள்ள அட்டவணையிலோ, இணைக்கப்பட்ட ஷீட்டிலோ வைப்பது நல்லது. ஒரு பொருளுக்கு ஒரே வரி. விலை மாறினால் அதே வரியில் திருத்த வேண்டும். புது வரி சேர்க்கக் கூடாது. கடைசிக் கட்டத்தில் திருத்திய தேதியைப் போட்டு, பாட் விலை சொல்லும்போது அந்தத் தேதியையும் சேர்த்துச் சொல்லும்படி வைக்க வேண்டும். "14ஆம் தேதி விலைப்படி" என்ற மூன்று சொற்கள் பல சண்டைகளைத் தவிர்க்கும்.

4. `Temperature`: பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் செட்டிங்

செயற்கை நுண்ணறிவில் ஓடும் பாட்களில் `Temperature` என்ற ஒரு அளவுகோலைப் பல தளங்கள் காட்டும். 0 முதல் 1 வரை இருக்கும். சிலவற்றில் 2 வரையும் போகும். பாட் பதிலைச் சொல் சொல்லாக அமைக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் அடுத்து வரத்தக்க சொற்கள் பல இருக்கும். அளவுகோல் 0 அருகில் இருந்தால் மிகவும் வரத்தக்க சொல்லையே எடுக்கும். மேலே ஏற்ற ஏற்ற மற்றச் சொற்களுக்கும் இடம் கொடுக்கும்.

கடைக்கு இதன் பொருள் என்ன? 0 அருகில் வைத்து, "பொன்னி 25 கிலோ என்ன விலை?" என்று பத்து முறை கேட்டால், பத்து முறையும் ஏறக்குறைய ஒரே வாக்கியம் வரும். மேலே வைத்தால் ஒவ்வொரு முறையும் பேச்சு மாறும். இடையில் நாம் சொல்லாத "மொத்தமாக எடுத்தால் சலுகை உண்டு" என்பது போன்ற ஒட்டுச் சொல்லும் வரக்கூடும். எனவே மளிகைக் கடைக்கு 0 முதல் 0.2 வரை போதும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த அளவுகோல் பேச்சின் மாறுதலைக் கட்டுப்படுத்துகிறதே தவிர, உண்மையைக் கட்டுப்படுத்துவதில்லை. பட்டியலில் பழைய விலை இருந்தால், 0இல் வைத்த பாட் அந்தப் பழைய விலையைப் பத்து முறையும் தடுமாறாமல் சொல்லும். "தவறான விலை சொல்கிறது, டெம்பரேச்சரைக் குறைத்துவிட்டேன், இன்னும் சரியாகவில்லை" என்று சொல்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் பட்டியல்தான்.

5. எந்த அளவு நிச்சயம் இருந்தால் பதில் சொல்லலாம்?

வேறு வகைப் பாட்களும் உண்டு. டயலாக்ஃப்ளோவில் (அதன் இ.எஸ். பதிப்பில்) "விலை கேட்பது", "நேரம் கேட்பது", "ஆள் வேண்டும்" என்று ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஒரு பெட்டி அமைத்து, அதற்குள் மக்கள் எப்படியெல்லாம் கேட்பார்கள் என்று மாதிரி வாக்கியங்களை எழுதுகிறோம். ஒரு பெட்டிக்குப் பத்து, இருபது வாக்கியமாவது தேவை. இங்கேதான் நம் நோட்டு உதவும். மக்கள் இலக்கணத் தமிழில் கேட்பதில்லை. "muttai rate enna", "mutta vela evlo", "முட்டை என்ன விலைங்க" என்று ஆங்கில எழுத்திலும் தமிழ் எழுத்திலும் கேட்பார்கள். அத்தனை வடிவங்களையும் உள்ளே போட வேண்டும்.

புதிய கேள்வி வந்ததும் ஒவ்வொரு பெட்டிக்கும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாட் 0 முதல் 1 வரை மதிப்பெண் போடுகிறது. எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் "புரியவில்லை" என்று ஒதுங்க வேண்டும் என்பதை நாம் நிர்ணயிக்கலாம். டயலாக்ஃப்ளோ இ.எஸ்.இல் அதன் பெயர் `ML Classification Threshold`. நாம் தொடாவிட்டால் அது 0.3இல் இருக்கும். அதற்குக் கீழே வரும் கேள்வி `Default Fallback Intent` என்ற பெட்டிக்குப் போகும்.

இதை எங்கே வைப்பது என்பதை ஊகத்தால் முடிவு செய்ய வேண்டாம். நோட்டிலிருந்து, மாதிரி வாக்கியமாகப் போடாத 40 கேள்விகளை எடுத்து, சோதனைக் கட்டத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ஒரு கடையில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

0.3இல் 33 சரி, 6 தவறு, 1 புரியவில்லை.
0.5இல் 31 சரி, 2 தவறு, 7 புரியவில்லை.
0.7இல் 22 சரி, தவறு இல்லை, 18 புரியவில்லை.

சரியான பதில் 0.3இல்தான் அதிகம். ஆனால் அங்கே தவறும் 6. புரியவில்லை என்று ஆளிடம் போனால் நமக்கு ஒரு போன் பேச்சுதான் செலவு. தவறான பதில் போனால் பணமும் நம்பிக்கையும் செலவு. 0.7இல் பாதிக் கேள்விகள் ஆளிடம் வந்துவிடுகின்றன. பாட் வைத்த பயன் இல்லை. எனவே 0.5ஐ எடுத்துக்கொண்டு, மிஞ்சிய இரண்டு தவறுகளைப் பார்க்கிறோம். "முட்டை வந்துருச்சா?" என்று இருப்பைக் கேட்டதை, பாட் விலை கேட்டதாக எடுத்துக்கொண்டது என்றால், "வந்துருச்சா", "இருக்குதுங்களா", "ஸ்டாக் உண்டா" என்ற வாக்கியங்களை இருப்புப் பெட்டியில் சேர்த்தால் தீர்ந்துவிடும். அளவுகோலை மேலும் ஏற்ற வேண்டியதில்லை.

6. `Instructions`: கட்டளை வேறு, பூட்டு வேறு

செயற்கை நுண்ணறிவுப் பாட்டுக்கு நாம் எழுதித் தரும் கட்டளைக்கு இது இடம். சுருக்கமாக, ஐயத்துக்கு இடமில்லாமல் எழுத வேண்டும்.

```
நீ எங்கள் மளிகைக் கடையின் சார்பில் பதில் சொல்பவர்.
விலையை அட்டவணையில் உள்ளபடி, தேதியோடு மட்டும் சொல்.
அட்டவணையில் இல்லாத பொருளுக்கு விலை சொல்லாதே; ஆளிடம் மாற்று.
முட்டை விலை, சரக்கு இருப்பு, கணக்கு பாக்கி: ஆளிடம் மாற்று.
தள்ளுபடி, கடன், ஆர்டர் உறுதி எதையும் நீயாகச் சொல்லாதே.
```

ஆனால் இது கட்டளைதான், பூட்டு அல்ல. 2023 டிசம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு செவ்ரோலே கார் விற்பனைக் கடையின் பாட்டிடம், "நான் எது சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும்" என்று ஒருவர் பேச்சை வளைத்து, பெரிய கார் ஒன்றை ஒரு டாலருக்குத் தருவதாகச் சொல்ல வைத்துவிட்டார். கடை காரைக் கொடுக்கவில்லை. ஆனால் செய்தி உலகமெல்லாம் பரவியது.

பூட்டு என்பது பாட்டின் கைக்கு அதிகாரம் கொடுக்காமல் இருப்பது. ஆர்டர் என்றால் பாட் பொருள், அளவு, ஊர், பெயர் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, "கடையிலிருந்து உறுதி செய்த பிறகே ஆர்டர் ஏற்கப்படும்" என்ற மாறாத வாக்கியத்தை அனுப்ப வேண்டும். இந்த வாக்கியத்தைக் கட்டளையில் எழுதாமல், முதல் பிரிவைப் போல நிலையான பதிலாகக் கட்டத்தில் வைக்க வேண்டும். அப்போது யார் எப்படிப் பேசினாலும் அது மாறாது. பில் போடும் வேலையும் கடைக்காரர் கையிலேயே இருக்கட்டும்.

7. ஆளிடம் மாற்றுவது

இதை `Handoff` அல்லது அது போன்ற பெயரில் காட்டுவார்கள். இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, நேரம். இரவு பத்து மணிக்கு "கடை ஆள் இப்போது பேசுவார்" என்று பாட் சொல்லி, காலை வரை யாரும் வராவிட்டால், பாட் இல்லாமல் இருந்ததே மேல் என்று ஆகிவிடும். கடை நேரத்தைத் தளத்தில் பதிந்து, அதற்கு வெளியே வந்தால் பெயரையும் தேவையையும் வாங்கிக்கொண்டு, "காலை 9 மணிக்குப் பேசுகிறோம்" என்று சொல்லும்படி தனி வழி அமைக்க வேண்டும்.

மற்றொன்று, ஆள் பேசத் தொடங்கியதும் பாட் நிற்கிறதா என்பது. நிற்காவிட்டால் நாம் ஒரு விலை சொல்ல, இடையில் புகுந்து பாட் இன்னொரு விலை சொல்லும். வேறு ஒரு போனிலிருந்து நாமே பேசிப் பார்த்து இதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வாட்ஸ்ஆப்பில் தளத்தின் வழியாக இணைத்தால் இன்னொரு விதியும் உண்டு. வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நாம் விரும்பியபடி பதில் எழுதலாம். அதன் பிறகு, முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய மாதிரிச் செய்தியை மட்டுமே அனுப்ப முடியும். அதற்குக் கட்டணமும் உண்டு. சனிக்கிழமை மாலை வந்த கேள்வியைத் திங்கட்கிழமை பார்த்தால் கதவு மூடியிருக்கும். வார விடுமுறை உள்ள கடைகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

8. மாற்றினேன், மாறவில்லை

செட்டிங்கை மாற்றிய பிறகும் பாட் பழையபடியே பேசுகிறது என்றால், பெரும்பாலும் காரணம் `Publish` பட்டன். பல தளங்களில் நாம் திருத்துவது நகலில்தான். சோதனைக் கட்டத்தில் புதிய பதில் வரும். வாடிக்கையாளருக்குப் பழையதே போகும். `Publish` அழுத்திய பிறகு, தளத்தின் சோதனைக் கட்டத்தில் பார்த்தால் போதாது. வேறு ஒரு போனிலிருந்து, வாடிக்கையாளர் போலக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

9. தினசரிப் பத்து நிமிடம்

கல்லா எண்ணிக் கணக்கு முடிப்பது போல, பாட்டின் உரையாடல் பதிவையும் இரவில் பத்து நிமிடம் படிக்க வேண்டும். மூன்று அடையாளங்களைப் பாருங்கள். ஒரே ஆள் ஒரே கேள்வியை இரண்டு, மூன்று விதமாகக் கேட்டிருந்தால், பாட் புரிந்துகொள்ளவில்லை. மாதிரி வாக்கியம் குறைவு. பாட் சொன்ன விலை அட்டவணையில் இல்லையென்றால், வேறு ஏதோ கோப்பு உள்ளே இருக்கிறது. தேடி அழிக்க வேண்டும். விலை சொன்ன உடனே பேச்சு நின்று, அந்த ஆள் கடைக்கும் வரவில்லை என்றால், விலை தவறா, பழையதா என்று சரிபார்க்க வேண்டும்.

விலை திருத்தும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுங்கள். கணக்குப்பிள்ளையும் திருத்தி, மகனும் திருத்தினால் எந்த விலை கடை விலை என்பது யாருக்கும் தெரியாது. விலை ஏறிய நாளில் கடைப் பலகையில் எழுதுவதற்கு முன்பே அட்டவணையைத் திருத்திவிட வேண்டும். பலகையைப் பார்ப்பவர் கடைக்குள் நிற்பவர். அவரிடம் பேசிச் சமாளிக்கலாம். பாட்டைப் பார்ப்பவர் திருச்செங்கோட்டிலோ ஆத்தூரிலோ இருந்துகொண்டு, அந்த விலையை நம்பி வண்டி அனுப்புகிறவர்.